முதல் சொல்லைப் பாருங்கள்: அடிப்படை உரிமை, அடிப்படைக் கடமை வினாக்கள்

“சேர், நான் வெள்ளவத்தையில் இருந்து உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். அடிப்படை உரிமைகள், கடமைகள் பற்றி ஒரு புள்ளி வினாவும் கட்டுரை வினாவும் எப்படி வரும், எப்படி எழுத வேண்டும்? இன்டர்நெட்டில் எடுத்த வினாவிடை எல்லாம் பாடமாக்கினேன். வகுப்பில் வைத்த சோதனையில் பாதிக்கு மேல் பிழை என்று வந்துவிட்டது. ஏன் என்று விளங்கவில்லை.”

பிள்ளை, நீங்கள் பாடமாக்கியவை பிழையான விடைகளாக இருக்காது. வேறொரு நாட்டின் விடைகளாக இருக்கும். தமிழில் தேடினால் முதலில் வந்து விழுவது தமிழ்நாட்டுப் போட்டிப் பரீட்சைகளுக்கான வினாவிடைகள்தான். அவை இந்திய அரசியலமைப்பைப் பற்றியவை. மொழி ஒன்றாக இருப்பதால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

கொட்டாஞ்சேனையில் நான் நடத்தும் வகுப்பில் திருத்திய ஒரு விடைத்தாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. முத்து முத்தான எழுத்து, முக்கிய சொற்களுக்குக் கீழே நீல மையில் கோடு. “அடிப்படை உரிமை மீறப்பட்டால் உறுப்பு 32இன் படி உச்ச நீதிமன்றத்தையோ, உறுப்பு 226இன் படி உயர் நீதிமன்றத்தையோ நாடலாம்” என்று எழுதியிருந்தது. இந்தியாவுக்கு அந்த வசனம் எழுத்துக்கு எழுத்து சரி. இலங்கைக்கு அதில் ஒரு சொல்கூடச் சரியில்லை. எங்கள் நாட்டில் ‘உயர் நீதிமன்றம்’ என்றால் எல்லாவற்றுக்கும் மேலே, புதுக்கடையில் இருக்கும் அந்த ஒரேயொரு நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றங்கள். இந்தியாவில் ‘உயர் நீதிமன்றம்’ மாநில மட்டத்தில் உள்ளது. அதற்கு மேலே ‘உச்ச நீதிமன்றம்’ இருக்கிறது. ஒரே சொல் இரண்டு நாட்டில் இரண்டு படியைக் குறிக்கிறது. உங்கள் சோதனைத் தாளை எடுத்து, பிழை போட்ட இடங்களில் எத்தனை இந்த வகை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

கடமைகளிலும் இதே கதைதான். இந்தியாவில் அடிப்படைக் கடமைகள் 1976இல் 42வது திருத்தத்தால் சேர்க்கப்பட்டவை. முதலில் பத்து, 2002இல் வந்த 86வது திருத்தத்தோடு பதினொன்று. எங்கள் 1978 அரசியலமைப்பில் கடமைகள் தொடக்கத்திலேயே இருக்கின்றன, 28வது உறுப்புரையில், ஆறு. ‘எத்தனை அடிப்படைக் கடமைகள்?’ என்ற ஒரு புள்ளி வினாவுக்குப் பதினொன்று என்று எழுதும் பிள்ளை படிக்காத பிள்ளை அல்ல. நன்றாகப் படித்த பிள்ளை, தாள் மாறிப் படித்துவிட்டது. அதனால்தான் எனக்கு மனம் கேட்பதில்லை.

இனி எங்கள் அரசியலமைப்புக்கு வருவோம். அத்தியாயம் மூன்று, 10 முதல் 17 வரையான உறுப்புரைகள்: உரிமைகள். அத்தியாயம் ஆறு, 27 முதல் 29 வரை: அரச கொள்கைக்கு வழிகாட்டும் தத்துவங்களும் அடிப்படைக் கடமைகளும். நீதிமன்றத்துக்குப் போகும் வழி 126இல். பெரும்பாலான வினாக்கள் இந்த மூன்று இடத்தில் இருந்துதான் வரும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: உறுப்புரையின் இலக்கத்தை மட்டும் பாடமாக்காதீர்கள், அது எந்தச் சொல்லோடு தொடங்குகிறது என்று பாருங்கள். ‘ஆள்’ என்று தொடங்குகிறதா, ‘பிரஜை’ என்று தொடங்குகிறதா? ஒரு புள்ளி வினாவின் பொறி பெரும்பாலும் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கும்.

சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் பற்றிய 10, சித்திரவதைக்கு எதிரான 11, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 12(1), கைது பற்றிய 13 ஆகிய எல்லாமே ‘ஆள்’ என்று பேசுகின்றன. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுக் கப்பல் தொழிலாளி ஒருவரைப் பொலிஸ் நிலையத்தில் வைத்து அடித்தால், அவருக்கும் 11 உண்டு. பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் அமைத்தல், தொழில், நடமாட்டம் முதலியவற்றைச் சொல்லும் 14(1) ‘பிரஜை ஒவ்வொருவரும்’ என்று தொடங்குகிறது. அந்தக் கப்பல் தொழிலாளிக்கு அது இல்லை. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் ஆகியவற்றால் பாரபட்சம் காட்டக்கூடாது என்னும் 12(2)உம் பிரஜைக்கு உரியதுதான். ஆகவே ‘சமத்துவ உரிமை யாருக்கு?’ என்று மொட்டையாகக் கேட்டால், 12(1) ஆட்களுக்கு, 12(2) பிரஜைகளுக்கு என்று பிரித்து எழுதுங்கள்.

இந்த இடத்தில் 14(2) என்ற சிறிய பந்தியை நம் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல், ஆனால் இலங்கையில் நிரந்தரமாகவும் சட்டப்படியும் வாழ்ந்துகொண்டிருந்த ஆட்களுக்கு, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததில் இருந்து பத்து வருடங்களுக்கு 14(1)இன் உரிமைகள் உண்டு என்று அது சொன்னது. யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. தோட்டங்களில் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த மலையகத் தமிழர்களையே அது முதலில் தொட்டது. ‘பிரஜை’ என்ற ஒரு சொல் எத்தனை பேரை வெளியே நிறுத்தும் என்பதற்கு அந்தப் பத்து வருடக் கணக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கட்டுரையில் இதை இரண்டு வரி எழுதும் பிள்ளை உறுப்புரையை வாசித்திருக்கிறது என்று திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்த பொறி, பட்டியலில் இல்லாததைக் கேட்பது. ‘பின்வருவனவற்றுள் மூன்றாம் அத்தியாயத்தில் வெளிப்படையாகக் கூறப்படாத உரிமை எது?’ என்று வரும். உயிர் வாழும் உரிமை, கல்வி உரிமை, சொத்துரிமை மூன்றும் அங்கே வெளிப்படையாக இல்லை. இந்தியாவில் உயிர் வாழும் உரிமை உறுப்பு 21இல் இருப்பதால், இந்திய நோட்ஸ் படித்த பிள்ளை இங்கும் இருக்கும் என்று நினைத்துவிடும். இங்கே கல்வி 27(2)(ஏ)இல் ஒரு வழிகாட்டும் தத்துவமாக இருக்கிறது, அடிப்படை உரிமையாக இல்லை. உயிர் வாழும் உரிமை விடயத்தில் மட்டும் ஒரு படி மேலே போய் எழுதலாம். பொலிஸ் காவலில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த சிறியாணி சில்வா வழக்கில், 2003இல் உயர் நீதிமன்றம் இப்படிப் பார்த்தது: தகுதியுள்ள நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல் எவருக்கும் மரண தண்டனை கொடுக்கக்கூடாது என்று 13(4) சொல்கிறது என்றால், அதற்குள்ளேயே சட்டத்துக்குப் புறம்பாக உயிர் பறிக்கப்படாத உரிமை அடங்கியிருக்கிறது. இறந்தவர் வந்து மனுப் போட முடியாது என்பதால் அவருடைய மனைவி தொடரலாம் என்றும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு புள்ளி வினாவில் ‘வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளதா?’ என்றால் இல்லை. கட்டுரையில் ‘அங்கீகரிக்கப்பட்டுள்ளதா?’ என்றால் தீர்ப்பின் வழியாக ஆம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

பிறகு சேர்க்கப்பட்ட உரிமை எது என்பதும் அடிக்கடி வருவது: தகவல் அறியும் உரிமை, உறுப்புரை 14அ, 2015இல் 19வது திருத்தம். அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். இதில் பொறி எதுவும் இல்லை, ஆண்டை மட்டும் மறக்காதீர்கள்.

மட்டுப்பாடு பற்றிய வினாவுக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘மதச் சுதந்திரத்தை மட்டுப்படுத்தலாமா?’ என்று கேட்டால் உடனே ஆம், இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மதத்தை நம்பும் சுதந்திரம் 10இல் இருக்கிறது. அந்த நம்பிக்கையை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் போதனையிலும் வெளிக்காட்டும் சுதந்திரம் 14(1)(உ)இல் இருக்கிறது. மட்டுப்பாடுகளைச் சொல்லும் 15வது உறுப்புரையை எடுத்து வாசித்தால் 10உம் 11உம் அதில் எங்கும் வராது. ஆனால் 14 வரும். ஆகவே ஜிந்துப்பிட்டியில் தேர் போகும் பாதையையும் நேரத்தையும் பொது ஒழுங்கு கருதிச் சட்டத்தின் மூலம் ஒழுங்குபடுத்தலாம். தேரில் இருக்கும் முருகனை நம்பாதே என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. 10ஐயும் 11ஐயும் மாற்ற வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று 83வது உறுப்புரை சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது கட்டுரை வினாவுக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் புள்ளி இழப்பது இதில்தான் என்று நினைக்கிறேன். ‘அடிப்படை உரிமைகள் மீறப்படும்போது ஒருவருக்கு உள்ள பரிகாரத்தை விளக்குக’ என்று வரும், அல்லது ஒரு சம்பவத்தைத் தந்து ஆராயச் சொல்லும். பிள்ளைகள் உடனே 10 முதல் 14 வரை எல்லா உரிமைகளையும் வரிசையாக எழுதி இரண்டு பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். கேட்டது பரிகாரம், எழுதியது பட்டியல். கேள்விக்குள்ளே நான்கு சின்னக் கேள்விகள் இருக்கின்றன: யாருடைய எந்த உரிமை, மீறியவர் யார், எங்கே போவது, எத்தனை நாளுக்குள். ஒரு சம்பவத்தை வைத்துச் செய்து காட்டுகிறேன். இது நான் வகுப்புக்காகக் கட்டிய சம்பவம்.

புறக்கோட்டையில் நடைபாதையில் துணி விற்கும் ஒரு தமிழர், இலங்கைப் பிரஜை. மார்ச் 4ஆம் திகதி காலை பொலிஸார் அவரை ஜீப்பில் ஏற்றிச் செல்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு ‘ஸ்டேஷனில் வந்து பேசு’ என்று சிங்களத்தில் சொல்கிறார்கள். அவருக்குச் சிங்களம் அவ்வளவாக விளங்காது. நிலையத்தில் அடிக்கிறார்கள். 7ஆம் திகதிதான் நீதவான் முன் நிறுத்துகிறார்கள். விளக்கமறியலில் வைக்கப்பட்டு 11ஆம் திகதி பிணையில் வெளியே வருகிறார். அவருக்கு என்ன வழி?

முதலில் உரிமைகள். கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்கவில்லை: 13(1). இங்கே ஒரு நல்ல வாதம் உங்கள் கையில் இருக்கிறது. காரணத்தைத் ‘தெரிவிக்க வேண்டும்’ என்று உறுப்புரை சொல்கிறது. விளங்காத மொழியில் சொன்னது தெரிவித்ததாகுமா? ‘ஸ்டேஷனில் வந்து பேசு’ என்பது எந்த மொழியில் சொன்னாலும் காரணமே அல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தது 13(2). சட்டம் வகுத்த நடைமுறைப்படி அருகிலுள்ள நீதிபதி முன் நிறுத்த வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பொது விதி, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலம். இங்கே மூன்று நாள் போய்விட்டது. அடித்தது 11. ஒரு வியாபாரியை மட்டும் காரணமில்லாமல் பிடித்திருந்தால் 12(1)உம் வரும். தொழில் செய்யும் சுதந்திரமான 14(1)(எ)ஐயும் சேர்க்கலாம். ஆனால் நடைபாதையில் விற்பது சட்டப்படியான தொழிலா, மாநகர சபையின் அனுமதி இருந்ததா என்ற கேள்வி உடனே எழும். அந்த உறுப்புரை ‘சட்டமுறையான’ தொழில் என்றுதான் சொல்கிறது. ஆகவே அதை முதலில் வைக்காதீர்கள். பலமான உரிமையை முன்னே வைத்து, பலவீனமானதைப் பின்னே வைப்பதும் விடையின் தரம்தான்.

இரண்டாவது, மீறியவர் யார். 17வது உறுப்புரையும் 126உம் ‘நிறைவேற்று அல்லது நிருவாகச் செயல்’ என்று சொல்கின்றன. பொலிஸ் உத்தியோகத்தர் கடமையில் செய்தது அதற்குள் வரும். இதே வியாபாரியைப் பக்கத்துக் கடை முதலாளி அடித்திருந்தால்? அது குற்றம். பொலிஸில் முறைப்பாடு செய்யலாம், வழக்கும் போடலாம். ஆனால் அடிப்படை உரிமை மனுப் போட முடியாது. தனியார் நிறுவனம் வேலையை விட்டு நிறுத்தினால் போக வேண்டியது தொழில் நியாய சபைக்கு. இதை ஒரு புள்ளி வினாவாகவும் கேட்பார்கள், அப்போது நான்கு விடையில் ஒன்று தனியார் வங்கி முகாமையாளரைப் பற்றி இருக்கும். பாராளுமன்றம் இயற்றிய சட்டமே உரிமையை மீறுகிறது என்றாலும் 17இன் கீழ் போக முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே 121இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். சட்டமாகிவிட்டால் 80(3) கதவை மூடிவிடும்.

மூன்றாவது, எங்கே. உயர் நீதிமன்றத்துக்கு மட்டும். ‘தனியான, பிரத்தியேகமான’ நியாயாதிக்கம் என்று 126(1) சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் நடந்தாலும் மட்டக்களப்பில் நடந்தாலும் புதுக்கடைக்குத்தான் வர வேண்டும். இந்தியாவில் இரண்டு வாசல், இங்கே ஒரே வாசல். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு ஒன்று நடக்கும்போது அடிப்படை உரிமை மீறலுக்கு முதற்பார்வையில் சான்று தென்பட்டால், அந்த நீதிமன்றம் விடயத்தை உடனே உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 126(3) சொல்கிறது. அதுவும் கடைசியில் அதே வாசலுக்குத்தான் வந்து சேர்கிறது.

நான்காவது, எத்தனை நாளுக்குள். இதை ஆறுதலாக விளக்க வேண்டும், ஏனென்றால் ஒரு புள்ளிக்கும் கட்டுரைக்கும் இடையிலுள்ள தூரம் இங்கேதான் தெரியும். ஒரு புள்ளி வினாவுக்கு விடை: ஒரு மாதம். அவ்வளவுதான். ஆனால் நம் வியாபாரிக்கு அந்த ஒரு மாதம் எப்போது தொடங்குகிறது? 4ஆம் திகதியா, 11ஆம் திகதியா? காவலுக்குள் இருப்பவர் எப்படி மனுத் தயாரிப்பார்? நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில் உயர் நீதிமன்றம், பரிகாரம் அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டுமானால் தடுத்து வைக்கப்பட்டவர் கட்டுப்பாட்டில் இருந்து விடுபட்ட நாளில் இருந்தே மாதத்தை எண்ண வேண்டும் என்று சொன்னது. ஆகவே 11ஆம் திகதியில் இருந்து எண்ணலாம். ஆனாலும் விளக்கமறியலில் இருந்தபோது சட்டத்தரணி வந்து சந்தித்தார் என்றால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், அதனால் 4ஆம் திகதியில் இருந்து ஒரு மாதத்துக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு என்றும் எழுதுங்கள். மனுவை அவரே கொடுக்கலாம், அல்லது அவர் சார்பில் சட்டத்தரணி கொடுக்கலாம்.

இன்னொரு வழி இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13வது பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்திருந்தால், அதன் விசாரணை நிலுவையில் உள்ள காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. பணமில்லாத மனிதருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையாகவே நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும் என்று சில தீர்ப்புகள் கேட்டிருக்கின்றன. ஆணைக்குழுவில் சொல்லிவிட்டோம் என்று வீட்டில் இருந்துவிடுபவர்கள் பிழை விடும் இடம் அது.

மனுப் போட்டவுடன் வழக்கு தொடங்கிவிடாது. முதலில் தொடர்வதற்கான அனுமதியை நீதிமன்றம் கொடுக்க வேண்டும், அதைத் தீர்மானிப்பது இரண்டு நீதியரசர்களுக்குக் குறையாத அமர்வு. இந்தப் படியைப் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் விட்டுவிடுகிறார்கள். அடித்ததை நிரூபிக்கச் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை பெரிய துணை. காயம் ஆறும் முன் அதைப் பெறுவது நல்லது. கடைசியில் நீதிமன்றம் 126(4)இன் கீழ் ‘நீதியும் ஒப்புரவும்’ எனத் தோன்றும் எந்த நிவாரணத்தையும் கொடுக்கலாம். பெரும்பாலும் அது நட்டஈடு. சில வேளை அரசும் கொடுக்க வேண்டும், உத்தியோகத்தரும் தன் சொந்தப் பணத்தில் இருந்து கொடுக்க வேண்டும். உதாரணம் வேண்டுமென்றால் உயிர்த்த ஞாயிறு வழக்கை எழுதுங்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, 12(1)உம் 14(1)(உ)உம் மீறப்பட்டன என்று கண்டு, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைக் கடந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த உறுப்புரை எதைப் பற்றியது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி கடமைகள். 28வது உறுப்புரையின் தொடக்கத்தை வாசியுங்கள். உரிமைகளை அனுபவிப்பது கடமைகளைச் செய்வதில் இருந்து பிரிக்க முடியாதது, ஆகவே இலங்கையிலுள்ள ‘ஆள் ஒவ்வொருவரினதும்’ கடமை என்று அது போகிறது. மறுபடியும் அதே சொல். இந்தியாவில் கடமை பிரஜைக்கு, இங்கே இந்த மண்ணில் நிற்கும் எல்லோருக்கும். அரசியலமைப்பையும் சட்டத்தையும் பேணிக் காத்தல், தேசிய நலனையும் ஒற்றுமையையும் வளர்த்தல், தெரிந்தெடுத்த தொழிலை மனச்சாட்சியோடு செய்தல், பொதுச் சொத்தைப் பாதுகாத்து வீண்விரயத்தை எதிர்த்தல், மற்றவர்களின் உரிமைகளை மதித்தல், இயற்கையைக் காத்து அதன் வளங்களைப் பேணுதல். ஆறும் அவ்வளவுதான். வரி கட்டுதல், வாக்களித்தல், கட்டாய இராணுவ சேவை என்று எது விடையில் இருந்தாலும் அது இந்தப் பட்டியலில் இல்லை.

‘இந்தக் கடமைகளை நீதிமன்றத்தில் வலியுறுத்தலாமா?’ என்பது நிச்சயம் எதிர்பார்க்க வேண்டிய வினா. 29வது உறுப்புரை இந்த அத்தியாயத்தின் ஏற்பாடுகள் சட்ட உரிமைகளையோ கடப்பாடுகளையோ உண்டாக்கா, எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாதவை என்று சொல்கிறது. ஒரு புள்ளிக்கு ‘முடியாது’ என்று எழுதினால் முடிந்தது. கட்டுரையில் அப்படி முடித்தால் பாதி விடைதான். மற்றப் பாதி எப்பாவலவில் இருக்கிறது.

அனுராதபுரம் மாவட்டத்தில் எப்பாவல என்ற இடத்தில் பொஸ்பேற் படிவு இருக்கிறது. அதை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து பெருமளவில் அகழ்ந்தெடுக்க அரசு ஓர் உடன்படிக்கைக்குத் தயாரானது. அந்த இடத்தில் காணி வைத்து வயலும் தோட்டமும் செய்தவர்களும், விகாரையின் தலைமைப் பிக்கு ஒருவரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வீடு, வயல், பழைய ஜயகங்கைக் கால்வாய் எல்லாமே அந்த அகழ்வுக்குள் வந்தன. அவர்கள் ‘28(ஊ) மீறப்பட்டது’ என்று மனுப் போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் 29 தடுத்திருக்கும். தங்கள் 12(1), தொழில் செய்யும் 14(1)(எ), விரும்பிய இடத்தில் வசிக்கும் 14(1)(ஏ) மீறப்படப்போகின்றன என்றார்கள். ‘போகின்றன’ என்பதைக் கவனியுங்கள். நடந்த மீறல் மட்டுமல்ல, உடனடியாக நடக்கவிருக்கும் மீறலும் 17க்குள் வரும். இது ஊரார் எல்லோருடைய பிரச்சினை, தனியாளின் உரிமை அல்ல என்ற எதிர்வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பலரோடு பகிர்வதால் ஒருவருடைய உரிமை உரிமை இல்லாமல் போகாது. 2000ஆம் ஆண்டு வந்த தீர்ப்பில், சுற்றாடலைப் பாதுகாக்கும்படி அரசுக்குச் சொல்லும் 27(14)ஐயும், இயற்கையைக் காக்கும் கடமையான 28(ஊ)ஐயும் நீதிமன்றம் கையில் எடுத்தது. முழுமையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் நடக்காமல் உடன்படிக்கைக்குள் போகக்கூடாது என்று தடுத்தது.

ஆகவே விடை இப்படி வரவேண்டும்: கடமை தனியாக வழக்குத் தொடுக்கும் ஆயுதமாகாது. ஆனால் உரிமை மீறல் வழக்கில், உரிமையை எப்படி விளங்கிக்கொள்வது என்று காட்டும் விளக்காக நீதிமன்றம் அதைப் பயன்படுத்தியிருக்கிறது. ‘29 தடுக்கிறது’ என்று ஒரு பந்தி, ‘எப்பாவல காட்டிய வழி’ என்று இரண்டு பந்தி. இப்படி எழுதிய விடையைத் திருத்தும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

‘விமர்சன ரீதியாக ஆராய்க’ என்று கேட்டால் குறைகளையும் சொல்ல வேண்டும். நிறைய அடுக்காமல் இரண்டை ஆழமாக எழுதுங்கள். ஒன்று தாமதம். மனுவை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 126(5) சொல்கிறது. உயிர்த்த ஞாயிறு மனுக்களுக்குத் தீர்ப்பு வர மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தது. மனுதாரருக்கு ஒரு மாதக் கெடு இறுக்கமாக நிற்கிறது, நீதிமன்றத்துக்குரிய இரண்டு மாதக் கெடு அப்படி நிற்பதில்லை.

மற்றது 16வது உறுப்புரை. 1978க்கு முன் இருந்த எழுத்திலான, எழுத்திலல்லாத சட்டங்கள் எல்லாம் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று அது சொல்கிறது. பிள்ளைகள் இதை வெறும் வரியாக எழுதிவிட்டுப் போவார்கள். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை வைத்து எழுதுங்கள். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண், சீதனமாக வந்த தன் சொந்தக் காணியைக்கூடக் கணவனின் எழுத்திலான சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருந்து வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பெண், பருத்தித்துறையில் தன் பெயரில் உள்ள காணியை விற்கப் போகும்போது நொத்தாரிசு கணவனின் கையெழுத்தைக் கேட்பார். பால் அடிப்படையில் பாரபட்சம் கூடாது என்று 12(2) சொல்கிறதே என்று அவர் கேட்கலாம். 16 அந்தக் கேள்வியை நிறுத்திவிடும். தேசவழமையைப் பாராளுமன்றம் மாற்றினால்தான் வழி.

அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயம், ஆறாம் அத்தியாயம், 126வது உறுப்புரை ஆகிய பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு உறுப்புரையிலும் ‘ஆள்’ வரும் இடத்துக்கு ஒரு நிறம், ‘பிரஜை’ வரும் இடத்துக்கு வேறொரு நிறம் பூசுங்கள். பிறகு உங்கள் சோதனைத் தாளை எடுத்து, பிழைத்த வினாக்களை அந்தப் பக்கங்களை மட்டும் பார்த்து மறுபடி செய்து, விடைகளை எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.